பார்த்து நின்றவரின் குற்றம்

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பஸ், ஹாலி-எல, தெமோதரை எல்லாம் தாண்டி மேலேறி, பண்டாரவளை நகருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னர் பிந்துனுவெவ என்ற சிற்றூரைக் கடக்கும். நம்மில் பலர் வாரத்துக்கு ஒருமுறையாவது அந்த வழியால் போய் வருகிறோம். 2000 ஒக்டோபர் 25, புதன்கிழமை காலை, அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் 27 தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். உயர்தர வகுப்பில் அரசறிவியல் படிப்பிக்கும்போது, சர்வதேசக் குற்றங்கள் என்ற பாடத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இதுதான். பாடநூல்கள் நியூரம்பேர்க்கிலிருந்து தொடங்குகின்றன. அதில் தவறில்லை. ஆனால் ஊவாவில் பிறந்த பிள்ளைக்கு, தன் மாவட்டத்திலேயே நடந்த ஒரு வழக்கைக் கொண்டு விளக்கினால், சட்டத்தின் எந்த மூலையில் ஓட்டை விழுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். முகாமில் அப்போது 41 பேர் இருந்தார்கள். விடுதலைப் புலிகள் அமைப்பிலிருந்து சரணடைந்தவர்களும், அந்த அமைப்போடு தொடர்பு என்று சந்தேகத்தில் பிடிக்கப்பட்டவர்களும் அவர்களுள் அடங்குவர். சிலர் பதினெட்டு வயதும் நிரம்பாதவர்கள். வீட்டுக்கு அனுப்பத் தாமதமாகிறது, கடிதங்கள் ஒழுங்காக வந்து சேர்வதில்லை என்பன போன்ற குறைகளை முன்வைத்து 24ஆம் திகதி மாலை முகாமுக்குள் குழப்பம் ஏற்பட்டது. அந்தச் செய்தி ஊருக்குள் பரவியது. இரவோடிரவாக முகாமுக்கு எதிரான சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. பாதுகாப்புக்கென்று சுமார் 60 பொலிஸார் அனுப்பப்பட்டார்கள். விடிந்ததும் இரண்டாயிரம் மூவாயிரம் பேர் கத்தி, பொல்லு, இரும்புக் கம்பிகளோடு முகாமைச் சூழ்ந்துகொண்டார்கள். கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். வெளியே ஓடி வந்தவர்களை வெட்டியும் அடித்தும் கொன்றார்கள். உயிர் தப்பியவர்கள் 14 பேர். ஆயுதம் ஏந்திய பொலிஸார் அவ்விடத்தில்தான் நின்றார்கள். கூட்டம் தடுக்கப்படவில்லை. அடுத்து வந்த நாட்களில் மலையகம் முழுவதும் கொந்தளித்ததையும், கடைகள் மூடப்பட்டு ஊரடங்குச் சட்டம் போடப்பட்டதையும் தோட்டப் பகுதிகளில் உள்ள பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இதை வகுப்பில் சொன்னதும் எழும் முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "டீச்சர், அப்படியென்றால் இது இனப்படுகொலையா?"

இனப்படுகொலை என்ற சொல்லைப் பத்திரிகைகளும் மேடைகளும் பெரிய கொலை என்ற பொருளில் எடுத்தாளுகின்றன. சட்டம் அந்தப் பொருளில் எடுப்பதில்லை. 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைச் சமவாயத்தின்படி, ஒரு தேசிய, இன, மரபின அல்லது மதக் குழுவை, அது அந்தக் குழு என்பதற்காகவே, முழுமையாகவோ பகுதியாகவோ அழித்துவிட வேண்டும் என்ற நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். இறந்தவர்களின் எண்ணிக்கை நோக்கத்தை ஊகிக்க உதவலாம். ஆனால் எண்ணிக்கையே குற்றம் ஆகாது. பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிக்காவில் 1995 ஜூலையில் ஏழாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதை முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் இனப்படுகொலை என்று தீர்த்தது. பெண்களையும் சிறு குழந்தைகளையும் பஸ்களில் ஏற்றி வெளியேற்றிவிட்டு, ஆண்கள் அனைவரையும் கொன்றால் அந்தச் சமூகம் அந்த மண்ணில் மீண்டும் எழும்பாது என்பது கொன்றவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று நீதிபதிகள் கண்டார்கள். அப்படியிருந்தும், அந்தப் படைப்பிரிவின் தளபதி கிர்ஸ்டிச்சின் வழக்கில், அவரிடமே அந்த அழிக்கும் நோக்கம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று மேன்முறையீட்டில் 2004இல் சொல்லி, இனப்படுகொலைக்கு உதவியவர் என்ற அளவுக்கு அவருடைய குற்றத்தைக் குறைத்தார்கள். நோக்கம் என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு பாரமானது என்பது இதிலிருந்து விளங்கும். பிந்துனுவெவவில் இன வெறுப்பு இருந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு முகாமில் இருந்த 41 பேரை ஓர் ஊர்க் கூட்டம் தாக்கியதை வைத்து, தமிழ் இனத்தின் ஒரு பகுதியை அழிக்கும் நோக்கம் என்று எந்த நீதிபதியும் இலகுவில் எழுதமாட்டார்.

மானிடத்துக்கு எதிரான குற்றம் என்பதற்குத் தேவை வேறு. குடிமக்கள் மீது பரந்த அளவிலோ திட்டமிட்ட முறையிலோ ஒரு தாக்குதல் நடக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் செயல் அந்தத் தாக்குதலின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும், அது அவருக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும். நமது சமூகத்துக்குத் தெரிந்த உதாரணம் 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது. சுமார் 75,000 பேர், ஒரு மாவட்டத்திலிருந்து அல்ல, வடக்கின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், சில நாட்களுக்குள், ஒரே கட்டளையின் பேரில் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். அங்கே பெரும்பாலானோர் கொல்லப்படவில்லை. ஆனாலும் பலவந்தமாக இடம்பெயர்த்தல் மானிடத்துக்கு எதிரான குற்றங்களின் பட்டியலில் இருக்கிறது. பரப்பும் திட்டமும் கண்கூடாகத் தெரிகின்றன. இதற்காக எந்த நீதிமன்றத்திலும் எவரும் தண்டிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிந்துனுவெவவை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர விரும்பும் வழக்குத்தொடுநர், அது தனியொரு காலை நேரத்துக் கலவரம் அல்ல, பெரியதொரு தாக்குதலின் பகுதி என்று காட்ட வேண்டியிருக்கும். அது கடினம்.

போர்க்குற்றம் என்ற மூன்றாவது கதவுதான் கொஞ்சம் திறக்கிறது. ஜெனீவாச் சமவாயங்கள் நான்குக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை, ஒரு நாட்டின் உள்நாட்டுப் போரிலும் பொருந்தும். ஆயுதத்தைக் கீழே வைத்தவரையும் தடுப்பில் இருப்பவரையும் கொல்லக்கூடாது என்று அது சொல்கிறது. பிந்துனுவெவ முகாமில் இருந்தவர்கள் போரின் காரணமாகவே தடுப்பில் இருந்தார்கள். கொன்றவர்கள் ஊர்மக்கள் என்பதால் போரோடு போதிய தொடர்பு உண்டா என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஆனாலும் வாதாட இடமுண்டு. மூன்று குற்றங்களும் ஏணியின் மூன்று படிகள் என்றும், மேற்படியில் இருப்பது இனப்படுகொலை என்றும் மாணவிகள் எழுதுவதை விடைத்தாள்களில் நான் அடிக்கடி காண்கிறேன். ஏணி என்ற எண்ணமே பொருந்தாது. ஒவ்வொன்றும் வெவ்வேறு விடயத்தை நிரூபிக்கக் கேட்கிறது.

இனி, உண்மையில் நமது நாட்டில் வழக்கு எப்படி நடந்தது என்று பார்ப்போம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் மேலே சொன்ன மூன்றில் எதுவும் இல்லை. இனப்படுகொலைச் சமவாயத்தில் இலங்கை சேர்ந்து பல பத்தாண்டுகள் ஆகியும், அதைத் தண்டிக்கும் உள்நாட்டுச் சட்டம் இயற்றப்படவில்லை. ஆகவே சட்டமா அதிபர் கையில் இருந்தவை கொலை, கொலை முயற்சி, சட்டவிரோதக் கூட்டம் ஆகிய பழைய குற்றங்களே. தண்டனைச் சட்டக்கோவையின் 146ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒரு பொது நோக்கத்தோடு சட்டவிரோதமாகக் கூடி, அந்த நோக்கத்தை நிறைவேற்றும்போது ஒருவர் குற்றம் செய்தால், அந்தக் கூட்டத்தின் உறுப்பினர் அனைவரும் அக்குற்றத்துக்குப் பொறுப்பு. கத்தியை வீசியவர் யார் என்று தெரியாவிட்டாலும் இதன்படி தண்டிக்கலாம்.

கேட்பதற்கு நல்ல ஆயுதமாகத் தோன்றும். ஆனால் இரண்டு இடங்களில் அது முறிந்தது. தப்பியவர்கள் வடக்கு, கிழக்கிலிருந்து வந்த இளைஞர்கள். பண்டாரவளைக்காரர் ஒருவரின் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. மூவாயிரம் பேருக்குள், புகைக்கு நடுவே, உயிருக்கு ஓடிக்கொண்டிருந்தவர் ஒரு முகத்தை அடையாளம் காட்ட வேண்டும். அதுவும் வருடங்கள் கழித்து, கொழும்பில் ஒரு நீதிமன்றத்தில். இரண்டாவது முறிவு பொலிஸார் விடயத்தில் வந்தது. அசையாமல் நின்ற பொலிஸ்காரரை 146ஆம் பிரிவுக்குள் கொண்டுவர வேண்டுமானால், அவரும் கொலைகாரக் கூட்டத்தின் உறுப்பினர், அவர்களுடைய பொது நோக்கம் அவருக்கும் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். அதாவது, காப்பாற்றத் தவறியவரை ஒன்றில் கொலைகாரனாக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். இடையில் நிற்க ஒரு படி சட்டத்தில் இல்லை.

மேல் நீதிமன்ற நீதிபதிகள் மூவர், யூரிகள் இல்லாமல், விசேட அமர்வாக இருந்து வழக்கை விசாரித்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 41 பேர். முகாமில் இருந்தவர்களின் எண்ணிக்கையும் இதுவே என்பது தற்செயல். 2003 ஜூலை 1ஆம் திகதி ஐந்து பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டார்கள். அவர்களில் மூவர் ஊர்வாசிகள், இருவர் பொலிஸ் உத்தியோகத்தர்கள். பொலிஸார் தமது கடமையைச் சட்டவிரோதமாகச் செய்யாமல் விட்டதே அவர்களைக் கூட்டத்தின் உறுப்பினராக்கியது என்பது தீர்ப்பின் சாரம். பின்னர் மேன்முறையீட்டில் ஒருவர் விடுதலையாக, எஞ்சிய நால்வரையும் 2005 மே 27ஆம் திகதி ஐந்து நீதிபதிகள் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம் ஏகமனதாக விடுவித்தது. கூட்டத்தின் பொது நோக்கத்தை அவர்கள் பகிர்ந்துகொண்டார்கள் என்பதற்குச் சான்று போதாது என்பதே காரணம். ஜனாதிபதி நியமித்த விசாரணை ஆணைக்குழு பொலிஸாரின் செயலற்ற நிலையைக் கண்டித்திருந்தது. ஆனால் ஆணைக்குழுவின் கண்டனம் வேறு, நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிப்பது வேறு. இறுதியில் 27 மரணங்களுக்கும் ஒருவரும் குற்றவாளியாக நிலைக்கவில்லை.

உயர் நீதிமன்றத்தைத் திட்டிவிட்டுக் கடந்து போவது எளிது. நான் அப்படிச் செய்யத் தயங்குகிறேன். சான்றில்லாமல் நான்கு பேரைத் தூக்குக்கு அனுப்புவதும் நீதியல்ல. எனக்குப் படுவது, அந்த நீதிபதிகளின் முன் வைக்கப்பட்ட கேள்வியே பிழையான கேள்வி என்பது. சரியான கேள்வி எப்படி இருந்திருக்கும் என்பதற்கு, கிட்டத்தட்ட இதேபோன்ற ஒரு சம்பவத்தை ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம் விசாரித்த முறையைப் பார்க்கலாம்.

குரோஷியாவில் வுக்கோவார் என்ற நகரம். 1991 நவம்பர் 20ஆம் திகதி, யூகோஸ்லாவிய இராணுவம் அந்நகர வைத்தியசாலையிலிருந்து சுமார் இருநூறு பேரை பஸ்களில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒவ்சாரா என்ற பண்ணையின் களஞ்சியக் கொட்டகைக்குக் கொண்டு போனது. அங்கே உள்ளூர் ஆயுதக் குழுவினர் காத்திருந்து அவர்களை அடித்து வதைத்தார்கள். இராணுவப் பொலிஸார் காவலுக்கு நின்றார்கள். அன்று மாலை, கேர்ணல் ம்ர்க்சிச் என்ற தளபதி அந்தக் காவலை விலக்கிக்கொள்ளக் கட்டளையிட்டார். இரவோடு கைதிகள் சிறு சிறு குழுக்களாகக் கொண்டுசெல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 194 பேர் கொல்லப்பட்டதாகத் தீர்ப்பாயம் கண்டது.

கொன்றவர்கள் தளபதியின் நேரடிச் சிப்பாய்கள் அல்ல. ஆகவே கீழ்ப்பட்டவர் செய்த குற்றத்துக்கு மேலதிகாரி பொறுப்பு என்ற, பலரும் அறிந்த கோட்பாட்டை இங்கே நேரடியாக வைக்க முடியவில்லை. பிந்துனுவெவவிலும் இதே நிலைதான். ஊர்மக்கள் பொலிஸ் அதிகாரியின் கீழ் வேலை செய்பவர்கள் அல்ல. ஹேக் நகரிலிருந்த நீதிபதிகள் வேறொரு வழியால் போனார்கள். கைதியை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவருக்கு அந்தக் கைதியைக் காக்கும் கடமை போர்ச் சட்டத்தின்படி உண்டு. ஆபத்து தெரிந்திருந்தும், தடுக்க வழி இருந்தும், அந்தக் கடமையைச் செய்யாமல் விட்டது குற்றம் நடப்பதற்குப் பெரிதும் துணைபோனதென்றால், அவர் அக்குற்றத்துக்கு உடந்தை. கொலைகாரரின் நோக்கம் அவருக்கும் இருந்தது என்று காட்டத் தேவையில்லை. குற்றம் நடக்கப் போகிறது என்று அறிந்திருந்தார் என்பது போதும். காவலை விலக்கிய ம்ர்க்சிச்சுக்கு 20 வருடச் சிறை. அவருக்குக் கீழ் கைதிகளுக்குப் பொறுப்பாக இருந்த மேஜர் ஸ்லிவான்சானினுக்கு, வதையைத் தடுக்கத் தவறி உடந்தையானதற்காக, இறுதியில் 10 வருடச் சிறை. கொலைக்கும் அவர் உடந்தை என்று மேன்முறையீட்டில் 17 வருடமாக உயர்த்திய தண்டனையை, புதிய சாட்சியம் ஒன்று வந்ததும் அதே தீர்ப்பாயம் 2010இல் மீளாய்வு செய்து குறைத்தது. மூன்றாவது அதிகாரி விடுதலையானார். ஆகவே அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு தண்டிக்கவில்லை.

முன்னர் சொன்ன பாகுபாடு இந்த வழக்கில் இன்னொருமுறை வெளிப்படுகிறது. இவ்வளவு கொடுமையையும் தீர்ப்பாயம் போர்க்குற்றம் என்றுதான் கண்டது. மானிடத்துக்கு எதிரான குற்றம் என்ற குற்றச்சாட்டு தோற்றது. கொன்றவர்கள் அந்தக் கைதிகளைப் போராளிகள் என்று எண்ணித் தெரிந்தெடுத்ததால், அது குடிமக்கள் மீதான தாக்குதலின் பகுதி ஆகவில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். 194 உயிர்கள் போயும் அந்தப் பெயர் பொருந்தவில்லை. ஆனால் தண்டனை விழுந்தது.

அந்த 60 பொலிஸார் நின்ற இடத்தில் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மாறிவிடுகின்றன. கூட்டத்தின் நோக்கம் பொலிஸாருக்கும் இருந்ததா என்று யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். முகாமின் பாதுகாப்புக்கு அன்று பொறுப்பான மூத்த அதிகாரி யார்? முதல்நாள் இரவு சுவரொட்டிகள் பற்றி அவருக்கு என்ன தெரிந்திருந்தது? எத்தனை மணிக்கு என்ன கட்டளை கொடுத்தார்? வானத்தை நோக்கிச் சுடுதல், கண்ணீர்ப்புகை, மேலதிகப் படையை அழைத்தல் ஆகியவற்றில் எது முடிந்தும் செய்யப்படவில்லை? இவற்றுக்குப் பதில் ஓடிக்கொண்டிருந்த இளைஞனின் கண்களில் தங்கியிருக்கவில்லை. பொலிஸ் நிலையத்தின் பதிவுப் புத்தகங்களிலும் வானொலிச் செய்திப் பதிவுகளிலும் தேட வேண்டிய பதில்கள் அவை. பெரும்பாலான சர்வதேச வழக்குகள் இப்படித்தான் கட்டப்படுகின்றன: கீழே கத்தி வீசியவரிலிருந்து அல்ல, மேலே கட்டளைச் சங்கிலியிலிருந்து.

அதற்காகச் சர்வதேச நீதிமன்றம்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவற்றுக்குச் சொந்தமாகப் பொலிஸ் கிடையாது. ஸ்லிவான்சானின் மீது குற்றப்பத்திரம் தாக்கலானது 1995இல், கைதானது 2003இல். யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் தன் ஆயுட்காலம் முழுவதிலும் குற்றஞ்சாட்டியது 161 பேர் மீது மட்டுமே. ஒவ்சாராவில் துப்பாக்கியை நீட்டிச் சுட்டவர்களைப் பெல்கிரேட்டிலிருந்த சேர்பிய நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தது. மேலே இருந்தவர் ஹேக்குக்கு, கீழே இருந்தவர் உள்நாட்டு நீதிமன்றத்துக்கு என்ற இந்தப் பங்கீடு எங்கும் நடக்கும் முறைதான். சர்வதேச நீதிமன்றங்கள் மரண தண்டனை விதிப்பதில்லை என்பதும் ஒரு வேறுபாடு. நமது நாட்டிலும் 1976க்குப் பிறகு எவரும் தூக்கிலிடப்படவில்லை, ஆனால் தீர்ப்பில் அது இன்னும் எழுதப்படுகிறது.

ஹேக்கில் இப்போது நிரந்தரமாக இயங்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு பிந்துனுவெவவைக் கொண்டுபோக முடியுமா என்றும் கேட்பார்கள். முடியாது. அதை உருவாக்கிய ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. சேர்ந்திருந்தாலும், 2002 ஜூலை 1ஆம் திகதிக்கு முன்னர் நடந்த எதையும் அந்த நீதிமன்றம் தொடாது. பிந்துனுவெவ அந்தத் திகதிக்கு இருபது மாதங்கள் முந்தியது.

ஆனால் நமது அரசியலமைப்பின் 13(6)ஆம் உறுப்புரையை முழுவதுமாக வாசிக்குமாறு என் மாணவியரிடம் சொல்வதுண்டு. ஒரு செயல் நடந்த நேரத்தில் குற்றமாக இல்லாவிட்டால் பின்னர் அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று அது தொடங்குகிறது. பெரும்பாலானோர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து வரும் காப்புவாசகம், நாடுகளின் சமுதாயம் ஏற்றுக்கொண்ட பொதுவான சட்டத் தத்துவங்களின்படி அந்த நேரத்திலேயே குற்றமாக இருந்த செயலை விசாரிப்பதற்கு இது தடையல்ல என்கிறது. அதாவது, நாளைக்குப் பாராளுமன்றம் போர்க்குற்றத்துக்கும் உடந்தைப் பொறுப்புக்கும் ஒரு சட்டம் இயற்றினால், அது பின்னோக்கிச் சென்று 2000ஆம் ஆண்டைத் தொடுவதற்கு அரசியலமைப்பு வழி விட்டிருக்கிறது. அப்படியொரு சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.

இருக்கும் சட்டத்தின்படி நிலைமை இதுதான். விடுவிக்கப்பட்டவர்களை அதே குற்றத்துக்காக மீண்டும் நிறுத்த முடியாது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவு பொதுவாகக் குற்றங்களுக்கு 20 வருட எல்லை வைக்கிறது. பிந்துனுவெவவோடு தொடர்புடைய சிறிய குற்றங்களுக்கு அந்த எல்லை 2020 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. கொலைக்கு அந்த எல்லை இல்லை. நீதிமன்றத்தின் முன் ஒருபோதும் நிறுத்தப்படாதவர்கள் விடயத்தில், அந்த 27 கொலைகளின் கோவையும் சட்டப்படி இன்னும் மூடப்படவில்லை.